சிவப்புக் கண், இரட்டைத் தாடை, தவறான கேமரா உயரம்: முகப்படத்தைப் படித்துப் பார்த்து, மனம் நோகாமல் மறுபடி எடுக்க ஒரு வழிகாட்டி

வீட்டில் எடுத்த முகப்படம் சரியாக வரவில்லை என்றால், அதில் இருப்பவர் முதலில் தன் கழுத்தையும் வயதையும்தான் குறை சொல்வார். "எனக்குப் படமே ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லாத பெரியம்மா எந்தக் குடும்பத்திலும் இல்லை. படத்தை நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். அந்த முகத்தை வீட்டில் யாரும் பார்த்திராத இடத்திலிருந்து கேமரா பார்த்திருக்கும்: முழங்கால் உயரத்திலிருந்து மூக்கை நோக்கி, அல்லது இரண்டு சாண் தூரத்திலிருந்து, அல்லது இருட்டறையில் கண்ணுக்குள் நேராக ஒளியைப் பாய்ச்சி.

அதனால் இந்த வழிகாட்டி ஒரு வரிசையைப் பிடிவாதமாகப் பின்பற்றுகிறது. முதலில் கேமராவின் உயரம், அடுத்து தூரம், அடுத்து வெளிச்சம். இவை மூன்றும் சரியான பிறகுதான் எதிரில் இருப்பவரிடம் "கொஞ்சம் இப்படித் திரும்புங்கள்" என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது. பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

சூழலையும் ஒன்றாகச் சுருக்கிக்கொள்கிறேன். சென்னையில் ஒரு அடுக்ககக் குடியிருப்பு, மாலை ஏழு மணி, கைப்பேசி, சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். நம் வீடுகளில் எடுக்கப்படும் முகப்படங்களில் பெரும்பகுதி இப்படித்தான் பிறக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு படம்

பெரம்பூரில் பெரியப்பாவுக்கு மணிவிழா. அழைப்பிதழில் பெரியப்பா, பெரியம்மா இருவர் படமும் தனித்தனியே வர வேண்டும். பெரியப்பாவுக்கு அலுவலகத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. பெரியம்மாவை அவருடைய மகன் கூடத்தில் வைத்து எடுத்தான். அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான், பெரியம்மா சோபாவில் சாய்ந்திருந்தார், பிளாஷ் தானாகவே எரிந்தது. வந்த படத்தில் கண்கள் செம்பழுப்பாக மின்னின. தாடைக்குக் கீழே இன்னொரு மடிப்பு தெரிந்தது. நாசித் துவாரங்கள் இரண்டும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே மின்விசிறியின் ஓர் இறக்கை வேறு. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "என் படம் போட வேண்டாம், அப்பா படம் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டார்.

இந்த ஒரு படத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்க்கவும்

கேமரா எங்கே இருந்தது என்பதைப் பின்னணி ஒளிக்காமல் சொல்லிவிடும். உட்கார்ந்திருப்பவரின் முகப்படத்தில் மின்விசிறியோ கூரையோ தெரிந்தால், கேமரா கீழே இருந்து மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தரையோடுகளின் கோடுகள் அதிகமாகத் தெரிந்தால் மேலிருந்து கீழே பார்த்திருக்கிறது. கதவுச் சட்டம், அலமாரி, ஜன்னல் கம்பி போன்ற நேர்க்கோடுகள் இதைவிடத் துல்லியமானவை. அவை மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கினால் கேமரா மேல்நோக்கி இருந்தது. கீழே போகப் போக நெருங்கினால் கீழ்நோக்கி இருந்தது. இணையாக நின்றால் கேமரா செங்குத்தாக இருந்தது என்று பொருள்.

அடுத்து காது. தலை நேராக இருந்து, கேமராவும் கண் மட்டத்தில் இருந்தால், காதின் மேல் விளிம்பு ஏறத்தாழப் புருவத்துக்கு நேராகவும், காதுமடலின் அடி மூக்கின் அடிப்பாகத்துக்கு நேராகவும் வரும். கீழிருந்து எடுத்தால் காது இறங்கித் தெரியும். மேலிருந்து எடுத்தால் ஏறித் தெரியும். ஜிமிக்கி காதின் அடியை மறைத்துவிடும் என்பதால் மேல் விளிம்பைப் பார்ப்பதே நல்லது. ஆனால் காது மட்டும் போதாது. ஒருவர் முகத்தை அண்ணாந்து வைத்திருந்தாலும் காது இறங்கித்தான் தெரியும். கதவுச் சட்டம் நேராக இருந்து காது மட்டும் இறங்கியிருந்தால் தலை அண்ணாந்திருக்கிறது. சட்டமும் சாய்ந்து காதும் இறங்கியிருந்தால் தவறு கேமராவின் உயரத்தில் இருக்கிறது. பெரியம்மா படத்தில் இரண்டாவதுதான் நடந்திருந்தது.

வெளியில் எடுத்த படமானால் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. மெரினாவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ கடலைப் பின்னணியாக வைத்து எடுத்த எந்தப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். படம் எடுத்தவரும் நிற்பவரும் ஒரே மட்டத்தில் இருந்தால், அடிவானக் கோடு அந்த நபரின் உடலில் எங்கே வெட்டுகிறதோ அதுதான் கேமரா இருந்த உயரம். கண்ணருகே வெட்டினால் கண் உயரம், மார்பில் வெட்டினால் மார்பு உயரம். கேமராவைச் சாய்த்தாலும் இது மாறாது. கழுத்தில் வெட்டினால் பார்க்க நன்றாக இருக்காது என்பது வேறு விஷயம். உங்கள் குடும்பத்தில் யார் எப்போதும் எந்த உயரத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் கடற்கரைப் படங்களை வரிசையாகப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். குழந்தைகள் படங்களில் கோடு தலைக்கு மேலே ஓடுவதையும் கவனிப்பீர்கள். பெரியவர்கள் குனிவதே இல்லை.

உயரம்

சோபாவில் அமிழ்ந்து உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் கண்கள் தரையிலிருந்து சுமார் 105 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தன. தரையில் உட்கார்ந்தவன் கையில் கைப்பேசி சுமார் 70 சென்டிமீட்டரில் இருந்தது. கைப்பேசிக்கும் முகத்துக்கும் இடையே கிடைமட்டத் தூரம் 60 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் கேமரா 30 பாகை கீழிருந்து பார்த்திருக்கிறது. அந்தக் கோணத்தில் தாடையின் அடிப்பாகம் முழுதும் தெரியும். மெலிந்த இளைஞனுக்கும் அங்கே ஒரு மடிப்பு இருக்கும்.

இதே 35 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போயிருந்தால் கோணம் 13 பாகையாகச் சுருங்கியிருக்கும். கிட்டத்தில் இருக்கும்போது சிறு உயரப் பிழை பெரிதாகிறது. தள்ளிப் போகும்போது அதே பிழை மன்னிக்கப்படுகிறது. எழுந்து நிற்க முடியாத இடத்தில், நகர முடியாத கூட்டத்தில் இது பெரிதும் உதவும்.

கல்யாண மண்டபத்தில் மேடைக்குக் கீழே நின்று எடுக்கும்போது நடப்பதும் இதுதான். மேடை மூன்றடி என்று வைத்துக்கொள்வோம். நம் உயரமே உள்ளவர் மேடையில் நின்றால், அவர் கண்ணுக்கும் நம் கேமராவுக்கும் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் வேறுபாடு. மேடையை ஒட்டி, இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால் 24 பாகை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஆறு மீட்டர் பின்னால் போய் ஜூம் செய்தால் ஒன்பது பாகைக்குள் வந்துவிடும். முண்டியடித்து முன்னால் போகிறவர்களின் படங்களில்தான் மணமக்களின் தாடைகள் அதிகமாகத் தெரிகின்றன. பக்கவாட்டுப் படியில் இரண்டு படி ஏறி நிற்பது இன்னும் நல்லது, மண்டபத்துக்காரர் விட்டால்.

வீட்டில் சரியான உயரத்துக்கு அளவுநாடா வேண்டாம். உட்கார்ந்திருப்பவரை எடுக்கும்போது அதே மாதிரி இன்னொரு நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள். கைப்பேசியை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். வேலை முடிந்தது. முகமும் மார்பும் வரும் படத்துக்குக் கண் மட்டம், அல்லது அதற்கு நான்கு விரல் மேலே. நிற்பவரைத் தலை முதல் கால் வரை எடுப்பதானால் கேமரா இடுப்புக்கும் மார்புக்கும் இடையே இருக்க வேண்டும். கண் மட்டத்தில் பிடித்துக் கீழே சாய்த்தால் கால்கள் குறுகிப்போகும்.

இரட்டைத் தாடைக்குப் பயந்து கேமராவை மிக உயரே தூக்குபவர்கள் உண்டு. செல்ஃபியில் இது பழக்கமாகிவிட்டது. தாடை மறையும், உண்மைதான். கூடவே நெற்றி அகன்று, தோள் சிறுத்து, ஐம்பது வயது அம்மா அண்ணாந்து பார்க்கும் குழந்தையைப் போலத் தெரிவார். அழைப்பிதழுக்கு அது பொருந்தாது.

தூரம்

மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். கைப்பேசி மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகிறது. ஒன்றரை மீட்டரில் அந்த வேறுபாடு 8 சதவீதம்தான். அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஒரு முக அறுவைச் சிகிச்சை ஆய்வுக் கட்டுரையும் இதையே கணக்கிட்டது: 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, ஐந்தடியில் எடுத்த படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வருபவர்களுக்குப் புரியவைப்பதற்காகப் போட்ட கணக்கு அது.

எனவே ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி, பின்னால் போங்கள். திரையில் முகம் சிறிதாகத் தெரியும். அப்போது முன்னால் நடக்காமல் 2x தொடுங்கள். உட்கார்ந்திருப்பவரின் தலை முதல் மடி வரை சட்டத்துக்குள் வரும். மீதியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். சில கைப்பேசிகளில் 2x என்பது தனி லென்ஸ், சிலவற்றில் பெரிய படத்தின் நடுப்பகுதியை வெட்டித் தருவது. தெளிவில் சிறு வேறுபாடு இருக்கலாம். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம் மட்டுமே.

தூரத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கைப்பேசியை யாராவது முகத்துக்கு அருகில் நீட்டினால் மனிதர்கள் அனிச்சையாகத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அந்த இழுப்பே இரட்டைத் தாடையில் பாதி.

தாடை

உயரமும் தூரமும் சரியாகியும் மடிப்பு தெரிந்தால் மூன்று காரணங்களைத் தேடலாம்: சாய்ந்த முதுகு, பின்வாங்கிய தலை, கீழிருந்து வரும் வெளிச்சம்.

சோபா முதல் எதிரி. அமிழ்ந்து உட்கார்ந்தால் முதுகு வளைந்து, கழுத்து தோளுக்குள் இறங்கி, தாடை தொண்டையில் படுகிறது. சாப்பாட்டு மேசை நாற்காலியோ மடக்கு நாற்காலியோ கொண்டுவந்து, அதன் முன்பாதியில் உட்காரச் சொன்னால் முதுகு தானாக நிமிரும். "நிமிர்ந்து உட்காருங்கள்" என்று சொன்னால் மார்பை விறைத்துக்கொள்வார்கள். நாற்காலியை மாற்றினால் எதுவும் சொல்லத் தேவையில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி இருக்கும் இடத்துக்கு அவர்களை வரச் சொல்லாமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாற்காலியைக் கொண்டுபோங்கள்.

தலை பின்வாங்குவதை எப்படி அறிவது? காதுமடலிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாகத் திரும்பியிருக்கும் படத்தில், காது தோளுக்குப் பின்னால் போயிருந்தால் தலை பின்வாங்கியிருக்கிறது. வாய்விட்டுச் சிரிக்கும்போதும் இது நடக்கும். "தாடையை உள்ளே இழுங்கள்" என்று யாராவது சொன்னாலும் நடக்கும். இந்தக் கட்டளையைப் பலரும் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள், விளைவு நேர் எதிர்.

செய்ய வேண்டியது தலையை முன்னுக்குக் கொண்டுவருவது. பெரியம்மாவிடம் நான் சொன்னது, "பெரியம்மா, உங்கள் பொட்டை என் பக்கம் கொஞ்சம் கொண்டுவாருங்கள்." ஆண்களிடம் நெற்றி என்று சொல்லலாம். இப்படிச் சொன்னால் முகம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னே வந்து, மிக இலேசாகக் குனியும்; தாடை எலும்பின் ஓரம் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். தாடையை நீட்டச் சொன்னால் முகம் அண்ணாந்துவிடும். செய்பவருக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆமை தலையை நீட்டுவதைப் போல. கேமராவுக்கு நேராக நீட்டுவதால் படத்தில் அந்த நீட்சி தெரியாது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். எனவே வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். அவர் சிரித்துவிட்டுச் செய்வார்.

அளவு மீறினால் அடையாளம் உண்டு. கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும், நெற்றியில் கோடுகள் விழும், கழுத்து நரம்பு புடைக்கும், தோள் ஏறிக்கொள்ளும். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் "மூச்சை விட்டுவிட்டுச் சாதாரணமாக இருங்கள்" என்று சொல்லி மறுபடி தொடங்குவதே வழி.

இனி வெளிச்சம். தாடைக்குக் கீழே மெல்லிய நிழல் ஒன்று விழ வேண்டும். அந்த நிழல்தான் முகம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறது. முகத்துக்கு நேராக அடிக்கும் பிளாஷ் அந்த நிழலை அழித்துவிடுகிறது. முகமும் கழுத்தும் ஒரே பரப்பாக ஒட்டிக்கொள்கின்றன. நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளைப் பளபளப்புத் தரையோடு போட்ட கூடத்தில், பால்கனி வெயிலும் விளக்கொளியும் தரையில் பட்டு மேலே எழும்பித் தாடைக்கடியை வெளிச்சமாக்குகின்றன. நாற்காலிக்கு முன்னால் அடர்நிறத்தில் ஒரு ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள். பகலில் பால்கனி அருகே வேறுபாடு நன்றாகத் தெரியும்.

வெளிச்சம் சரியான உயரத்திலிருந்து வருகிறதா என்பதை மூக்கின் நிழல் சொல்லும். மூக்குக்குக் கீழே சிறிய நிழல், மேலுதட்டைத் தொடாமல் இருந்தால் சரி. நிழலே இல்லையென்றால் வெளிச்சம் நேரிலிருந்தோ கீழிருந்தோ வருகிறது. கண்குழி இரண்டும் இருண்டு, நிழல் உதட்டைத் தாண்டினால் விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கிறது. நாற்காலியை ஓரடி இரண்டடி பின்னுக்கு நகர்த்தினால் விளக்கு முன்பக்கத்துக்கு வந்துவிடும்.

கண்

சிவப்புக் கண்ணின் காரணம் எளிது. இருட்டில் கண்மணி அகலத் திறந்திருக்கிறது. வெளிச்சத்தில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இருக்கும் கண்மணி, இருட்டில் எட்டு மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். அது சுருங்குவதற்குள் பிளாஷ் ஒளி உள்ளே போய், கண்ணின் பின்சுவரில் இருக்கும் இரத்தநாளங்கள் நிறைந்த பரப்பில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. கைப்பேசியில் பிளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால் திரும்பும் ஒளி நேராக லென்ஸுக்குள் விழுகிறது. வயது ஏற ஏறக் கண்மணி விரிவது குறையும். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும்தான் சிவப்பு அதிகம் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரிந்தது என்றால் கூடம் அவ்வளவு மங்கலாக இருந்திருக்கிறது. ஒரே ஒரு சிறு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது, பிளாஷை அணைத்துவிட்டு வீட்டு விளக்குகளை எல்லாம் போடுவது. திரையில் மின்னல் குறியைத் தொட்டு அணைத்துவிடுங்கள். தானியங்கி நிலையில் விட்டால் நினையாத நேரத்தில் எரியும். பிளாஷ் இல்லாமல் முடியவே முடியாது என்ற நிலையில், அறை விளக்குகளையும் சேர்த்துப் போட்டு, அவரை லென்ஸைப் பார்க்காமல் உங்கள் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு முழுதும் போகாவிட்டாலும் குறையும்.

சரியாக வந்ததா என்பதைப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் மின்னும் புள்ளியைப் பார்த்து உறுதிசெய்யலாம். அது கண்மணியின் நடுவில் இருந்தால் பிளாஷ் எரிந்திருக்கிறது. கடிகாரத்தில் பத்து மணியோ இரண்டு மணியோ இருக்கும் இடத்தில் இருந்தால் வெளிச்சம் மேலே ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. நமக்கு வேண்டியது அதுதான். கீழ்ப்பாதியில் இருந்தால் தரையோ மேசையோ ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி அணிந்தவரானால் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு கண்ணாடியில் விழும். கண்ணாடியின் காதுக்கொக்கிப் பக்கத்தை அரை விரல் தூக்கினால் சில்லுகள் கீழ்நோக்கிச் சாய்ந்து கோடு விலகும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். தினமும் அணிபவருக்கு அது முகத்தின் ஒரு பகுதி.

மறுபடி எடுக்கவே முடியாத பழைய படமானால், திருத்தும் செயலிகளில் இருக்கும் சிவப்புக் கண் நீக்கத்தைப் பயன்படுத்தலாம். மின்னும் வெள்ளைப் புள்ளியை அழிக்காமல் விட வேண்டும். அது போனால் கண் பொம்மைக் கண்ணாகிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிறு குழந்தையின் பிளாஷ் படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திரும்பத் திரும்பத் தெரிந்தால், அது படப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். குழந்தை பக்கவாட்டில் 15 பாகை அளவுக்குப் பார்த்திருந்தால், பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் ஒளி பட்டு வெள்ளையாகத் தெரியக்கூடும், அது தீங்கற்றது. ஆனால் கண்புரையும், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் விழித்திரைப் புற்றும் இதே வெள்ளையைக் காட்டும். எது என்று நாம் வீட்டில் தீர்மானிக்க முடியாது. அந்தப் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது.

மறுபடி எடுக்கக் கேட்பது

"என் படம் போட வேண்டாம்" என்று சொன்னவரிடம் போய் எப்படிக் கேட்பது? முதல் விதி, பழைய படத்தை மறுபடி காட்டாமல் இருப்பது. "பாருங்கள், இங்கே தாடை இப்படி இருக்கிறது, அதைச் சரிசெய்யலாம்" என்று உதவி செய்வதாக நினைத்துச் சொன்னால், அடுத்த படம் முழுவதும் அவர் தாடையையே நினைத்துக்கொண்டிருப்பார். முகம் இறுகிவிடும்.

இரண்டாவது, காரணத்தை உண்மையாக, ஆனால் அவருடைய உடலுக்கு வெளியே வைத்துச் சொல்வது. "பெரியம்மா, தம்பி தரையில் உட்கார்ந்து எடுத்துவிட்டான், கூடத்தில் வெளிச்சமும் போதவில்லை. விளக்குக்கு எதிரில் நாற்காலி போட்டு இரண்டு படம் எடுக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுகிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை. பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி, "புடவை மாற்ற வேண்டுமா?" என்பதுதான். வேண்டாம் என்றேன். பழைய படத்தையும் அவர் கண்ணெதிரிலேயே தம்பி அழித்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே போட்டிருந்ததையும் எடுத்துவிட்டான். இதற்குப் பிறகுதான் அவர் எழுந்து வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது "இது சரியில்லை, அதுவும் சரியில்லை" என்று முணுமுணுக்கக் கூடாது. திரையைப் பார்த்து நாம் முகம் சுளித்தால் எதிரில் இருப்பவர் அது தன் முகத்துக்கான தீர்ப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

எடுத்த விதம்

கூடத்துச் சுவரில் டியூப்லைட் ஏழடி உயரத்தில் இருந்தது. அதற்கு எதிரே, ஆறடி தள்ளி, சாப்பாட்டு மேசை நாற்காலியைப் போட்டோம். முகம் விளக்குக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பினேன். பின்னால் வெறும் சுவர், ஓரத்தில் கதவுச் சட்டம். எதிரில் அதே மாதிரி நாற்காலியில், ஐந்தடி தள்ளி, நான் உட்கார்ந்தேன். பிளாஷ் அணைந்திருந்தது, 2x, இரண்டு முழங்கைகளும் முழங்காலில் ஊன்ற முடியாத உயரம் என்பதால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் ஊன்றிக்கொண்டேன். விளக்கொளியில் கை நடுங்கினால் கண் மங்கிவிடும். அதற்குத்தான் இந்த ஊன்றல்.

முதல் படம் வெளிச்சம் பார்ப்பதற்கு. மூக்கு நிழல் சற்று நீளமாக இருந்தது. நாற்காலியை அரையடி பின்னுக்கு நகர்த்தினோம். அடுத்த படத்தில் கதவுச் சட்டம் நேராக இருந்தது, காது புருவத்துக்கு நேராக வந்தது, தாடை மட்டும் இன்னும் உள்ளே இருந்தது. அப்போதுதான் பொட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு மணிவிழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் திருச்சித் தங்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, சொல்லி முடித்து வாயை மூடிய நொடியில் எடுத்தேன். பேசும்போது எடுத்தால் வாய் கோணும். பேசி முடித்த நொடியில் கண்ணில் உயிர் இருக்கும், வாய் அமைதியாக இருக்கும்.

நான்கைந்து படங்களுக்கு மேல் போக வேண்டாம். அதற்குள் வரவில்லை என்றால் அன்று வராது. அடுத்த நாள் காலை, நேர்வெயில் படாத பால்கனிக் கதவோரம் மறுபடி முயலலாம்.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பெரியம்மாவுக்குக் கழுத்து இயல்பிலேயே சற்றுப் பூசினாற்போல் இருக்கும். நல்ல படத்திலும் அது இருந்தது, இருக்கத்தான் வேண்டும். கேமரா கூட்டியதை மட்டும் நாம் கழிக்கிறோம். செயலியில் தாடையைத் தேய்த்துக் குறைத்தால் மண்டப வாசலில் வரவேற்பவர் வேறு ஒருவராக இருப்பார்.

மூன்று படங்களைத் தேர்ந்து பெரியம்மாவிடமே கொடுத்தேன். நான் எடுத்துவைத்தது அமைதியான படம். அவர் தேர்ந்தது வெளிச்சம் பார்த்த பிறகு சிரித்துவிட்ட ஒன்று, தாடைக்குக் கீழே மடிப்பு கொஞ்சம் தெரிந்த படம். "இதில்தான் நான் நானாக இருக்கிறேன்" என்றார். அதுவே போயிற்று. ஆண்டர்சன் தெரு அழைப்பிதழ்க் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாகுமெண்ட் என்ற வழியில் அனுப்பினோம். படமாக அனுப்பினால் அது சுருங்கி, அச்சில் கண் மங்கிப்போகும்.